தூசி எங்க படியுதுன்னு பாருங்க: கேபினெட் பாசிட்டிவ் பிரஷரா நெகட்டிவ் பிரஷரா, அறிகுறி வச்சு கண்டுபிடிக்கிற வழி

கம்ப்யூட்டர் கேபினெட்ல முன்னாடி மூணு ஃபேன், பின்னாடி ஒண்ணு, அதனால என்னோடது பாசிட்டிவ் பிரஷர்னு நிறைய பேர் ஃபேனை எண்ணி முடிவு பண்ணிடுறாங்க. எண்ணிக்கையை வச்சு இதை சொல்லவே முடியாது, ஏன்னா முன்னாடி இருக்கற மூணும் ஃபில்டர் வழியா மூச்சு முட்ட இழுக்குது, பின்னாடி இருக்கறது எந்த தடையும் இல்லாம வெளிய தள்ளுது, இதுல யாரு ஜெயிக்கறாங்கன்றது ஃபேன் வேகத்துலயும் ஃபில்டர்ல எவ்ளோ அழுக்கு இருக்குன்றதுலயும் தான் இருக்கு. கட்டின அன்னைக்கு பாசிட்டிவா இருந்த கேபினெட், ஃபில்டர் அடைச்சா ரெண்டு மாசத்துல தானா நெகட்டிவா மாறிடும்.

சுருக்கமா விஷயம் இதான். உள்ள தள்ளுற காத்து அதிகமா இருந்தா உள்ள அழுத்தம் கொஞ்சம் கூடி, மிச்ச காத்து இண்டு இடுக்கு வழியா வெளிய கசியும், அது பாசிட்டிவ். வெளிய இழுக்குறது அதிகமா இருந்தா பத்தாத காத்தை அதே இண்டு இடுக்கு வழியா உள்ள உறிஞ்சும், அது நெகட்டிவ், அந்த இடுக்குல எல்லாம் ஃபில்டர் கிடையாது, அதனால தூசி நேரா உள்ள வரும். அழுத்தம்னு சொன்னதும் பெருசா நினைக்க வேண்டாம், ஒரு நல்ல 120 மிமீ ஃபேன் அதிகபட்சமா குடுக்கற அழுத்தமே சுமார் 2 மில்லிமீட்டர் தண்ணி உயரம் தான். அந்த அழுத்தம் எதையும் குளிர வைக்காது. குளிர வைக்கிறது ஓடுற காத்து. அழுத்தம் பண்ற ஒரே வேலை காத்து எந்த ஓட்டை வழியா உள்ள வரணும்னு முடிவு பண்றது, ஆனா கீழ சொல்லப்போற கேஸ்ல பாத்தீங்கன்னா அதுவே சூட்டையும் எவ்ளோ மாத்துதுன்னு தெரியும்.

எதையும் கழட்டறதுக்கு முன்னாடி டிஷ்யூ டெஸ்ட்

டிஷ்யூ பேப்பர்ல ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கீத்து கிழிச்சுக்குங்க, ரெண்டு அடுக்கா இருந்தா பிரிச்சு ஒத்தை அடுக்கா எடுத்துக்குங்க, லேசா இருந்தா தான் ஆடும். சைடு பேனல் எல்லாம் மூடி இருக்கணும், மெஷின் ஓடிட்டு இருக்கணும். இப்ப பின்பக்கம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு கீழ காலியா இருக்கற ஸ்லாட் தகடுகள் இருக்கும்ல, அதுல கடைசி தகட்டோட ஓட்டைகிட்ட அந்த கீத்தை தொங்க விடுங்க. ஒட்டிக்கிச்சுன்னா நெகட்டிவ், வெளிய ஆடுச்சுன்னா பாசிட்டிவ், சும்மா தொங்குச்சுன்னா ரெண்டும் கிட்டத்தட்ட சமம்.

இதுல ரெண்டு இடத்துல ஏமாறுவீங்க. கார்டு இருக்கற ஸ்லாட்லயே வச்சு பாத்தா அந்த கார்டோட சொந்த ஃபேன் தள்ளுற காத்து அங்க வெளிய வரும், உள்ள நெகட்டிவா இருந்தாலும் பாசிட்டிவ் மாதிரி காட்டும். பின்பக்க ஃபேன் பக்கத்துல வச்சாலும் அதோட காத்து கீத்தை இழுத்து ஆட்டும். அதனால ரெண்டுல இருந்தும் தள்ளி கடைசி ஸ்லாட், அப்புறம் சைடு பேனல் சேர்ற கோடு, இந்த ரெண்டு இடத்துலயும் பாருங்க. சும்மா இருக்கும்போது ஒருவாட்டி, கேம் ஓடி பத்து நிமிஷம் ஆனப்புறம் ஒருவாட்டி பாக்கணும், ஏன்னா லோடு ஏறினா ஃபேன் வேகம் மாறும், ஐடில்ல பாசிட்டிவா இருக்கறது கேம்ல நெகட்டிவா போறது சகஜம். சிலர் ஊதுவத்தி புகை வச்சு பாப்பாங்க, நல்லா தெரியும் தான், ஆனா அந்த புகையும் சாம்பலும் உள்ள போய் ஒட்டும், டிஷ்யூவே போதும்.

அறிகுறி 1: பின்பக்க ஸ்லாட் தகடு, யூஎஸ்பி ஓட்டை, பேனல் ஓரம் எல்லாம் தூசி கோடு, உள்ளயும் படலம்

இது நெகட்டிவ் பிரஷரோட கையெழுத்து. ஸ்லாட் தகட்டுல இருக்கற சின்ன ஓட்டைங்க ஓரத்துல தூசி மீசை மாதிரி உள்பக்கமா வளந்திருக்கும், முன்பக்க யூஎஸ்பி போர்ட்டுக்குள்ள பஞ்சு இருக்கும், சைடு பேனலை கழட்டினா விளிம்பு நீளத்துக்கும் ஒரு சாம்பல் கோடு தெரியும். காத்து எங்க நுழையுதோ அங்க தூசி கோடு போட்டு காட்டிடும்.

எங்க அத்தை பையன் மெஷின்ல நடந்ததை அப்படியே சொல்றேன், ஏன்னா இதுல இருக்கற காரணம் மூணும் ஒண்ணா சேர்ந்து வந்துச்சு. அவன் இருக்கறது திருப்பூர்ல, வீட்டுக்கு கீழேயே பனியன் தைக்கிற யூனிட், அங்க சாதா தூசி இல்ல, பருத்தி பஞ்சு பறக்கும், ஃபில்டர் வலைமேல பஞ்சு விழுந்தா போர்வை போட்ட மாதிரி ஒட்டிக்கும். முன்னாடி மூணு, மேல ரெண்டு, பின்னாடி ஒண்ணு, எல்லாம் 120 மிமீ. "மச்சா, ஃபில்டர் போட்ட கேபினெட் தானே வாங்கினேன், உள்ள எப்படி இவ்ளோ பஞ்சு வருது, கேம் ஆரம்பிச்சா கார்டு 84 டிகிரி போயிடுது"ன்னு கூப்பிட்டான். ரூம்ல அப்ப 33 டிகிரி.

கடைசி ஸ்லாட்ல டிஷ்யூவை வச்சதும் பட்டுன்னு ஒட்டிக்கிச்சு. பயாஸ்ல ஃபேன் வேகத்தை பாத்தா முன்னாடி மூணும் 750 ஆர்பிஎம், மேல ரெண்டும் 900, பின்னாடி இருக்கறது 1500, குறையவே இல்ல. அது 3-pin ஃபேன், அதாவது பிளக்ல மூணு கம்பி தான், ஆனா மதர்போர்டுல அதை சொருகியிருந்த `CHA_FAN2` கனெக்டர் `PWM` மோடுல இருந்துச்சு. 3-pin ஃபேனுக்கு வோல்டேஜை குறைச்சா தான் வேகம் குறையும், `PWM` மோடுல கனெக்டர் எப்பவும் முழு 12 வோல்ட் குடுத்துட்டே இருக்கும், வேகம் மாத்தற சிக்னல் போறது நாலாவது பின்ல, அது இந்த ஃபேன்ல இல்லவே இல்ல. அதனால எந்நேரமும் முழு வேகம்.

இப்ப கணக்கு போடலாம். ஒரு சாதா 120 மிமீ ஃபேன் 1800 ஆர்பிஎம்ல சுமார் 56 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 56 கன அடி காத்து தள்ளும்னு வச்சுக்குங்க, வேகம் பாதியானா காத்தும் ஏறக்குறைய பாதி. முன்னாடி 750ல ஒண்ணு 23, மூணும் சேர்ந்து 70, ஆனா பஞ்சு அடைச்ச ஃபில்டர்ல பாதியாவது போயிடும், மிச்சம் 35. வெளிய தள்ளுறது பின்னாடி 47, மேல 28 28, மொத்தம் 103. இது தடையே இல்லாத இடத்துல அளக்கற கணக்கு, கேபினெட்டுக்குள்ள எல்லாமே குறையும், ஆனா யாரு பலசாலின்னு தெரிஞ்சிடுச்சு. உள்ள வர்ற மொத்த காத்தும் வெளிய போற மொத்த காத்தும் எப்பவும் சமமா தான் இருந்தாகணும், முன்பக்கம் குடுக்க முடியாத பாக்கியை எல்லாம் ஸ்லாட் ஓட்டையும் பேனல் இடுக்கும் தான் குடுத்துட்டு இருந்துச்சு.

சூடு ஏறினதுக்கும் காரணம் இதே தான். மொத்த காத்து ஓட்டம் கம்மி இல்ல, காத்து தப்பான வழியில ஓடுச்சு. பின்பக்க ஸ்லாட்ல நுழைஞ்ச காத்தை பின்பக்க ஃபேனே ஒரு சாண் தூரத்துல பிடிச்சு வெளிய தள்ளிடும், அது கார்டு பக்கமே எட்டிப் பாக்காது. அதை விட மோசம், வெளிய தள்ளின சூடான காத்து பின்பக்கம் சுவர்ல முட்டி திரும்பி அதே ஸ்லாட் ஓட்டை வழியா உள்ள வரும், மெஷினை சுவரோட ஒட்டி வச்சிருந்தா இது கண்டிப்பா நடக்கும்.

சரி பண்ண வரிசை முக்கியம், ஒவ்வொண்ணா பண்ணி நடுவுல டெம்பரேச்சர் பாருங்க, எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது. முதல்ல ஃபில்டரை கழட்டி குழாய் தண்ணில உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தண்ணி விட்டு கழுவி, நல்லா காய வச்சு மாட்டினோம், அதே கேம்ல அதே இருபது நிமிஷத்துல 84ல இருந்து 78க்கு வந்துச்சு. ரெண்டாவது பின்பக்க கனெக்டரை `DC` மோடுக்கு மாத்தி 900க்கு இறக்கினோம், மேல முன்பக்கமா இருந்த ஃபேனை கழட்டி அந்த துவாரத்தை உள்பக்கமா அட்டை வச்சு டேப் போட்டு மூடினோம். மேல முன்பக்கம் வெளிய தள்ளுற ஃபேன் இருந்தா முன்னாடி இருந்து வந்த குளிர்ந்த காத்தை சிபியு கூலர் கிட்ட போறதுக்கு முன்னாடியே உறிஞ்சிடும், அதுக்கு அங்க வேலையே இல்ல. இந்த ஸ்டெப்புக்கு அப்புறம் கார்டு 79 ஆச்சு, ஒரு டிகிரி ஏறுச்சு, வெளிய தள்ளுறதை குறைச்சோம்ல. மூணாவது முன்பக்க ஃபேன் வளைவை, அதாவது எவ்ளோ சூட்டுக்கு எவ்ளோ வேகம்ன்ற செட்டிங்கை, ஏத்தி கேம்ல 1100 வர்ற மாதிரி வச்சோம், 75க்கு வந்து நின்னுச்சு. இப்ப கணக்கு, முன்னாடி 34 மூணுவாட்டி 102, சுத்தமான ஃபில்டருக்கு கால்வாசி கழிச்சா 76, வெளிய 28 28 ஆக 56. டிஷ்யூ கடைசி ஸ்லாட்ல வெளிய ஆடுச்சு.

வேகத்தையும் சூட்டையும் ஓடும்போதே பாக்கணும்னா விண்டோஸ்ல `HWiNFO` போதும், லினக்ஸ்ல என்விடியா கார்டு இருந்தா ரெண்டு டெர்மினல்ல ஒண்ணொண்ணு ஓட விடுங்க:

```
watch -n 5 sensors
nvidia-smi --query-gpu=temperature.gpu,fan.speed --format=csv -l 5
```

`sensors`ல கேபினெட் ஃபேன் வேகம் வரலைன்னா `sudo sensors-detect` ஒருவாட்டி ஓட்டிட்டு பாருங்க, அப்பவும் வரலைன்னா பயாஸ்ல பாத்துக்கலாம்.

அறிகுறி 2: உள்ள சுத்தமா இருக்கு, ஃபில்டர் மட்டும் கம்பளி மாதிரி, ஆனா சூடு மாசாமாசம் ஏறுது

இது பாசிட்டிவ் பிரஷர் ஒழுங்கா வேலை செய்யுதுன்றதுக்கு அடையாளம், தூசி எங்க நிக்கணுமோ அங்க நின்னிருக்கு, நீங்க தான் எடுக்கல. ஃபில்டரை கழட்டிட்டு பத்து நிமிஷம் அதே லோடுல ஓட்டுங்க. ரெண்டு மூணு டிகிரிக்குள்ள குறைஞ்சா அது ஃபில்டரோட சாதாரண தடை, விட்டுடலாம். அஞ்சு ஆறு டிகிரி குறைஞ்சா அடைச்சிருக்கு, கழுவுங்க. கழுவின ஃபில்டர்லயும் அதே அஞ்சு ஆறு வித்தியாசம் வந்தா அந்த வலை ரொம்ப நெருக்கம், இல்லைன்னா முன்னாடி கண்ணாடி பேனல் காத்து வர இடமே விடல.

காத்து ஓட்டம் எவ்ளோ முக்கியம்னு ஒரு எளிய சூத்திரம் இருக்கு, கேபினெட்டுக்குள்ள காத்து எத்தனை டிகிரி சூடாகும்ன்றதுக்கு:

```
ΔT = 1.76 × W / CFM
```

கேம்ல மெஷின் 400 வாட் இழுக்குதுன்னா அவ்ளோவும் கடைசியில சூடு தான். நிஜமா 75 சிஎஃப்எம் ஓடினா உள்ள காத்து ரூமை விட சராசரியா 9 டிகிரி கூட இருக்கும், ஃபில்டர் அடைச்சு 40க்கு இறங்கினா 18 டிகிரி ஆயிடும். அந்த 9 டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே கார்டு மேலயும் சிபியு மேலயும் ஏறும், ஏன்னா கூலர் எல்லாம் அந்த காத்தை வச்சு தான் குளிர வைக்குது.

அறிகுறி 3: டிஷ்யூ பாசிட்டிவ்னு காட்டுது, ஆனாலும் உள்ள தூசி

இதுக்கு தான் நிறைய பேர் கோவப்படறாங்க, பாசிட்டிவ் பண்ணா தூசி வராதுன்னு சொன்னாங்களேன்னு. பாசிட்டிவ் பிரஷர் தூசியை நிறுத்தாது, உள்ள இழுக்கற ஃபேன் வழியா மட்டும் வர வைக்கும், அந்த ஃபேனுக்கு முன்னாடி ஃபில்டர் இல்லைன்னா நெகட்டிவை விட அதிகமா கூட தூசி வரும். அதனால ஒவ்வொரு இன்டேக் ஃபேனா பாருங்க. அடியில தரையை பாத்து இழுக்கற ஃபேனுக்கு ஃபில்டர் இருக்கா, சைடுல மாட்டினதுக்கு இருக்கா. காந்த ஃபில்டர் ஒரு மூலை தூக்கிட்டு இருந்தா காத்து வலை வழியா வராது, சுலபமான அந்த மூலை வழியா தான் வரும், அந்த மூலைக்கு நேர் எதிர்ல இருக்கற ஃபேன் இதழ்ல மட்டும் தூசி அதிகமா இருக்கும், அதை வச்சே கண்டுபிடிக்கலாம்.

திசை மாத்தி மாட்டின ஃபேனும் இதே மாதிரி குழப்பும். ஃபேனோட நாலு கை போட்ட சட்டம், மோட்டார் இருக்கற பக்கம் தான் காத்து வெளிய வரும், திறந்த பக்கம் இழுக்கும். சந்தேகமா இருந்தா அங்கயும் டிஷ்யூ வச்சு பாருங்க.

ஒண்ணு சொல்லணும், மாவு மாதிரி நைசா இருக்கற தூசியை சாதாரண நைலான் வலை பிடிக்காது, பஞ்சு, முடி, பெரிய தூசி தான் பிடிக்கும். மெல்லிசா ஒரே சீரா ஒரு சாம்பல் பூச்சு மாசங்கள் கழிச்சு வந்தா அது கோளாறு இல்ல. அதையும் தடுக்கணும்னு ஏசி ஃபில்டர் துணி, ஸ்பாஞ்ச் எல்லாம் முன்னாடி ஒட்டாதீங்க, இன்டேக் செத்துப்போய் மறுபடி நெகட்டிவ் ஆகி பின்னாடி வழியா அதே தூசி வரும்.

அறிகுறி 4: சைடு பேனலை திறந்தா சட்டுன்னு குளிருது

அஞ்சு நிமிஷம் திறந்து வச்சு பாருங்க. கார்டு எட்டு பத்து டிகிரி குறைஞ்சா சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட், கூலர் எல்லாம் நல்லா இருக்கு, கேபினெட்டுக்கு மூச்சு பத்தலன்னு அர்த்தம். இப்ப டிஷ்யூ நெகட்டிவ்னா அறிகுறி 1. பாசிட்டிவ்னா வெளிய போற வழி பத்தல, சூடான காத்து மேல் பின் மூலையில தேங்கி நிக்குது, சைடு பேனலோட அந்த மூலையை கைல தொட்டா மத்த இடத்தை விட சூடு நல்லா தெரியும். வெளிய தள்ள ஒரு ஃபேன் கூட இல்லாம எல்லாமே இன்டேக்கா வச்சவங்களுக்கு இது வரும். பின்னாடி ஒண்ணு மெதுவா ஓடுற மாதிரி மாட்டினா போதும், உள்ள வர்றதுல முக்கால்வாசி வெளிய தள்ளுற அளவு இருக்கட்டும். தூசிக்கு பயந்து ஸ்லாட் ஓட்டை எல்லாத்தையும் டேப் போட்டு அடைச்சிருந்தா அதையும் எடுத்துடுங்க, பாசிட்டிவ்ல அது தான் கார்டோட சூடு வெளிய போற வழி.

திறந்தும் ரெண்டு டிகிரி கூட மாறலன்னா பிரஷரை விட்டுடுங்க. கூலர் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவுல தூசி பாய் மாதிரி படிஞ்சிருக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியாது, ஃபேனை கழட்டினா தான் தெரியும், அதுவும் இல்லைன்னா பேஸ்ட் காஞ்சிருக்கும். புளோயர் வச்சு ஊதும்போது ஃபேன் இதழை விரலால பிடிச்சுக்குங்க, காத்துல தாறுமாறா சுத்த விட்டா பேரிங் கெட்டுடும், மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ எடுத்துட்டு போய் ஊதுங்க, ரூம்லயே ஊதினா அதே தூசி நாளைக்கு ஃபில்டர்ல இருக்கும்.

பவர் சப்ளையை கணக்குல சேக்கறதா

அடியில இருந்து இழுத்து பின்னாடி தள்ளுற மாதிரி, ஃபேன் கீழ பாத்து மாட்டியிருந்தா அது தனி வழி, கேபினெட் காத்தை தொடாது, சேக்க வேண்டாம். ஃபேன் மேல பாத்து உள் காத்தை இழுக்குதுன்னா அது ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன், சேத்துக்குங்க. புளோயர் டைப் கிராஃபிக்ஸ் கார்டும் அப்படித்தான், உள் காத்தை எடுத்து பின்னாடி வெளிய தள்ளும். ரெண்டு மூணு ஃபேன் வச்ச சாதா கார்டு உள்ளயே சுத்தி விடுது, அதை எந்த பக்கமும் சேக்காதீங்க.

எல்லாம் சரி பண்ணப்புறம் கடைசி ஸ்லாட் தகட்டை ஈரத்துணியால துடைச்சுட்டு, பக்கத்துல ஒரு டேப் ஒட்டி தேதி எழுதி வைங்க. திருப்பூர் மெஷின்ல ஆறு வாரம் கழிச்சு பாத்தோம், தகட்டு ஓட்டைல மீசை இல்ல, முன்பக்க ஃபில்டர்ல மட்டும் வெள்ளையா பஞ்சு. டிஷ்யூ இன்னும் வெளிய தான் ஆடுச்சு, ஆனா முதல் நாள் அளவுக்கு இல்ல, ரொம்ப லேசா. அவன் வீட்டு பஞ்சுக்கு ஆறு வாரம் தான் தாங்கும்னு அதுல தெரிஞ்சுது, இப்ப மாசம் ஒருவாட்டி ஃபில்டரை கழுவறான்.